620 பேருக்கு மெயில் அனுப்புகிறவன் தலைப்பைச் சோதித்துப் பார்த்த கதை

பண்டாரவளையில் எனக்கு ஒரு சின்னத் தேயிலை வியாபாரம். பக்கத்துச் சிறு தொழிற்சாலைகளில் தூள் வாங்கி, வீட்டு முன்னறையில் 100 கிராம், 250 கிராம் என்று பொதி செய்து, எல்ல பக்கம் வருகிற சுற்றுலாக்காரர்களுக்கும் கனடா, லண்டன், மெல்பேர்ன் என்று போய்விட்ட நம்மவர்களுக்கும் விற்கிறேன். கடைக்கு வந்தவர்கள், பார்சல் வாங்கியவர்கள் என்று நான்கு வருடத்தில் சேர்ந்த மின்னஞ்சல் முகவரிகள் 620. மாதம் இரண்டு மெயில் போகும், பாதி வியாபாரம் அதிலிருந்துதான் வருகிறது. இந்த 620 பேரை வைத்துக்கொண்டு எந்தத் தலைப்பு வைத்தால் அதிகம் பேர் திறப்பார்கள் என்று சோதிக்கப் போய், 11 மாதமும் கிட்டத்தட்ட ஒரு லட்சத்து 85 ஆயிரம் ரூபாயும் போனது. சின்ன லிஸ்ட் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதே குழியில் இறங்கும் முன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மெயில் அனுப்பும் சேவையில் மேல் திட்டத்துக்கு மாறினால் தலைப்புச் சோதனை செய்யும் வசதி கிடைக்கும் என்றார்கள். மாதம் 5,400 ரூபாய் கூட. சரி, இரண்டு பார்சல் கூடுதலாகப் போனால் அந்தக் காசு வந்துவிடுமே என்று மாறினேன். ஏற்பாடு ரொம்ப எளிது. இரண்டு தலைப்பு எழுத வேண்டும். லிஸ்டில் 15 சதவீதம் பேருக்கு முதல் தலைப்பும் இன்னொரு 15 சதவீதம் பேருக்கு இரண்டாவது தலைப்பும் போகும், நான்கு மணி நேரம் கழித்து எது அதிகம் திறக்கப்பட்டதோ அது மீதி 70 சதவீதம் பேருக்குத் தானாகவே போய்ச் சேரும். இந்த 15, 15, நான்கு மணி நேரம் எல்லாம் அவர்களே நிரப்பி வைத்திருந்த அளவுகள். நான் எதையும் மாற்றவில்லை. தெரிந்தவர்கள்தானே வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை.

முதல் சோதனையில் ஒரு தலைப்பு சாதாரணமாக இருந்தது, மற்றது கேள்வியாக இருந்தது. பக்கத்துக்கு 93 பேர். சாதாரணத் தலைப்பை 26 பேர் திறந்தார்கள், கேள்வியை 33 பேர். 28 சதவீதமும் 35 சதவீதமும். பச்சை நிறத்தில் ‘வென்றது’ என்று காட்டியதும் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அன்றே கொப்பியில் எழுதிவிட்டேன், ‘கேள்வி கேட்டால் திறக்கிறார்கள்’ என்று. அடுத்த மாதம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தலைப்பு வென்றது, அதற்கு அடுத்ததில் தோற்றது. படக்குறி போட்டது ஒரு தடவை வென்றது, அடுத்த தடவை அதே மாதிரி போட்டது மண்ணைக் கவ்வியது. கொப்பியில் விதிகள் பெருகிக்கொண்டே போயின, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டும் போயின. வாடிக்கையாளர்களின் மனநிலை மாறிக்கொண்டே இருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இத்தோடு விட்டேனா, கொழும்பில் ஒருவரிடம் 35 ஆயிரம் கொடுத்து 40 தலைப்பு எழுதி வாங்கினேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதை எழுதிக் கொடுத்தார்.

முதலில் கண்ணில் பட்டது எண்ணிக்கைப் பிரச்சினை அல்ல, நேரம்தான். நான் மெயில் போடுவது காலை எட்டு மணிக்கு. ஜூலை மாதம் நம் எட்டு மணி என்றால் மெல்பேர்னில் பகல் பன்னிரண்டரை, லண்டனில் விடியற்காலை மூன்றரை, டொரண்டோவில் முதல் நாள் இரவு பத்தரை. நான்கு மணி நேரச் சோதனை முடியும்போது லண்டன்காரர் அப்போதுதான் பல் துலக்கிக்கொண்டிருப்பார், கனடாக்காரர் பாதித் தூக்கத்தில் இருப்பார். என் லிஸ்டில் பெரிய பங்கு கனடாவும் லண்டனும். ஆனால் அவர்களுக்கு எந்தத் தலைப்பு போக வேண்டும் என்று தீர்மானித்ததோ மெல்பேர்னில் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனைப் பார்த்த பத்து இருபது பேரும், இங்கே வேலை தொடங்கும் முன் மெயில் பார்க்கிற சிலரும். பழைய எட்டு மெயில்களின் கணக்கை எடுத்து, எந்த நேரத்தில் எத்தனை பேர் திறந்தார்கள் என்று உட்கார்ந்து கூட்டினேன். மொத்தமாக வந்து சேர்ந்த ஒவ்வொரு 100 திறப்பிலும் முதல் நான்கு மணி நேரத்தில் வந்தவை 34 மட்டும். ஒரு நாளில் 78. மூன்று நாளில் 94. இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தன் லிஸ்டுக்குத் தானே போட வேண்டும், என் எண்ணை எடுக்கக் கூடாது. உள்ளூர்க்காரர்கள் மட்டும் இருக்கிற லிஸ்ட் என்றால் ஒரே நாளில் முடிந்துவிடலாம். கடந்த ஐந்தாறு மெயிலை எடுத்து, வர வேண்டியதில் பத்துக்கு ஒன்பது எப்போது வந்து சேர்ந்தது என்று பாருங்கள், அதுதான் உங்கள் சோதனை ஓட வேண்டிய நேரம்.

இதைக் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன், பெரிய அடியும் அங்கேதான். தீபாவளிப் பரிசுப்பொதிக்கு வாழ்த்து அச்சிட்ட பெட்டி 60 அடித்து வைத்திருந்தேன். வெளிநாட்டுப் பார்சல் நேரத்துக்குப் போய்ச் சேர, ஓடர் எடுக்கும் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு மெயில். நான்கு மணி நேரம் போதாது என்று தெரிந்துவிட்டதே, சோதனையை இரண்டு நாளாக நீட்டினேன். அப்படி நீட்டினால் மீதி 434 பேருக்கு மெயிலே இரண்டு நாள் கழித்துத்தான் போகும் என்பது மண்டையில் ஏறவில்லை. அவர்களுக்குப் போய்ச் சேரும்போது கையில் ஒரு நாள்தான் பாக்கி, கனடாவுக்கு அதுவும் இல்லை. ‘இப்ப பாத்தேன் தம்பி, முடிஞ்சிருச்சா?’ என்று வந்த பதில்களை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதற்கு முந்திய வருடம் 41 பெட்டி போனது, அந்த வருடம் 22. ஒரு பெட்டி 4,800. பிந்திய மெயிலால் போனது 19 பெட்டி என்று வைத்தால் 91 ஆயிரம் சொச்சம். வீட்டில் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இதில் உள்ள சிக்கலைக் கவனியுங்கள். சோதனை நேரத்தைக் குறைத்தால் விடை தப்பு, கூட்டினால் மீதிப் பேருக்குத் தாமதம். பத்தாயிரம், இருபதாயிரம் பேர் இருக்கிற இடத்துக்குச் செய்த ஏற்பாடு இது. அங்கே கொஞ்சப் பேரை வைத்துப் பார்த்துவிட்டு மீதிக்கு நல்லதை அனுப்பலாம். 620 பேரில் ‘கொஞ்சப் பேர்’ என்று ஒரு கூட்டத்தைப் பிரித்தாலே அது எதற்கும் பற்றாத கூட்டமாகிவிடுகிறது. ஆனால் இதுவும் அப்போது எனக்கு விளங்கவில்லை. விளங்க வைத்தது ஒரு அசட்டுத் தவறு.

டிசம்பர் மெயிலை இரவு பதினொன்றரைக்குத் தயார் செய்தேன். முதல் தலைப்பை எழுதி, அதையே பிரதி எடுத்து இரண்டாவது கட்டத்தில் ஒட்டி, அப்புறம் மாற்றலாம் என்று விட்டவன் மாற்றாமலே தூங்கப் போய்விட்டேன். அடுத்து பார்க்கும்போது வழக்கமான பச்சைப் பட்டை. முதல் தலைப்பு 25, இரண்டாவது 34. இரண்டாவது வென்றது. அப்படி என்ன எழுதினேன் என்று பார்க்கத் திறந்தால், இரண்டும் ஒரே வரி. எழுத்துக்கு எழுத்து, முற்றுப்புள்ளி உட்பட. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஒரே தலைப்பு தன்னைத் தானே 9 ஓட்டால் ஜெயித்திருந்தது. இதுவரை நான் கொப்பியில் எழுதி வைத்த எந்த விதிக்கும் இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்ததில்லை.

ஹட்டனில் இருக்கும் அத்தான் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறவர். நத்தார் லீவில் வந்திருந்தவரிடம் சேவைக்காரர்களைத் திட்டிக்கொண்டே காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “அது பொய் சொல்லல தம்பி, 34 பெருசு, 25 சின்னது, அத மட்டுந்தான் சொல்லுது” என்றார். பிறகு மகளின் லூடோ பெட்டியிலிருந்து கட்டையை எடுத்தார். ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஒருவர் மெயிலைத் திறந்தார் என்று கணக்கு, அதாவது மூன்றில் ஒருவர். 93 தடவை உருட்டி எண்ணச் சொன்னார், பிறகு இன்னொரு 93. அதே கட்டை, அதே கை. முதல் வரிசையில் 28, இரண்டாவதில் 36. “இப்ப ரெண்டாவது ரவுண்டுல கட்ட நல்லா எழுதியிருக்கா?” என்று கேட்டார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், ஒரு நாள் எடைபோட்ட கொழுந்தை வைத்து இந்த மலை நல்லது, அந்த மலை மோசம் என்று கங்காணி சொன்னால் தாங்கள் சிரிப்போம் என்றார். ஒரு நாள் மழை, ஒரு நாள் கைவலி, அரை நாள் சம்பளமான அரைப்பேர்கூட விழாது, அதுக்கு மலை என்ன செய்யும் என்பது அவர் கேள்வி.

இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தாலும் 93 பேரில் 9 வித்தியாசம் ஏறக்குறைய ஆறு தடவைக்கு ஒரு தடவை சும்மாவே வரும் என்று அத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். என் முதல் ‘வெற்றி’ 26க்கு 33. அது மூன்று நான்கு தடவைக்கு ஒரு தடவை வரக்கூடியது. அதை நம்பித்தான் ஐந்து மாதம் கேள்வித் தலைப்பாக எழுதித் தள்ளினேன்.

அப்புறம் அவர் எழுதிக் கொடுத்த ஒரு வரிதான் எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்கிற கைக்கணக்கு:

```
n = 16 * p * (1 - p) / d^2
```

இதில் p என்பது வழக்கமாகத் திறக்கிறவர்களின் பங்கு, 30 சதவீதம் என்றால் 0.3. d என்பது நாம் பிடிக்க நினைக்கிற வித்தியாசம், 10 புள்ளி என்றால் 0.1. வருகிற n ஒரு பக்கத்துக்கு வேண்டிய ஆட்கள். அந்த 16 எங்கிருந்து வருகிறது என்றால், உண்மையான வித்தியாசம் இருந்தால் ஐந்துக்கு நான்கு தடவை பிடிக்க வேண்டும், வித்தியாசமே இல்லாதபோது இருபதுக்கு ஒரு தடவைக்கு மேல் ஏமாறக் கூடாது என்ற இரண்டு நிபந்தனையையும் சேர்த்துச் சுருக்கினால் வருகிற எண். எக்செலில் `=16*0.3*(1-0.3)/0.1^2` என்று அடித்தால் 336 வரும். அதாவது 30 சதவீதம் 40 ஆவதைக் கண்டுபிடிக்கவே பக்கத்துக்கு 336 பேர், மொத்தம் 672. என்னிடம் இருப்பதே 620! 30, 35 ஆவதைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்துக்கு 1,344. வித்தியாசம் பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு என்பதை மனதில் வைத்தால் போதும். நான் 93 பேரை வைத்துக்கொண்டு படக்குறி போடுவதா வேண்டாமா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ‘திறந்தார்’ என்று சேவை காட்டுவது, மெயிலுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் இறக்கப்பட்டதை வைத்துத்தான். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயில் செயலியில் அந்தரங்கப் பாதுகாப்பைப் போட்டிருக்கிறவர்களுக்கு, அவர் மெயிலைத் தொட்டாரோ இல்லையோ ஆப்பிளே அந்தப் படத்தை முன்கூட்டி இறக்கி வைத்துவிடும். நமக்குத் ‘திறந்தார்’ என்று விழும். தலைப்பு நல்லதோ கெட்டதோ அந்த ஓட்டு விழத்தான் போகிறது. என் சேவையில் இப்படிப்பட்டவர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது, 11 மாதமும் நான் அதைத் தொடவே இல்லை. பிரித்துப் பார்த்தால் 620 பேரில் 210 பேர் அந்த வகை. மீதி 410 பேரில் உண்மையாகத் திறப்பவர்கள் 28 சதவீதம் அளவில். அப்படியானால் சோதனைக்கு உதவுகிற ஆட்கள் பக்கத்துக்கு 205. கணக்கைத் திருப்பிப் போட்டால், ஒரே மெயிலில் என்னால் பிடிக்க முடிவது 12, 13 புள்ளி வித்தியாசத்தை மட்டும். தலைப்பில் ஒரு சொல்லை மாற்றி அவ்வளவு வித்தியாசம் வருவதை நான் கண்டதில்லை.

திறப்பை நம்ப முடியாது, கிளிக்கை எண்ணலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கிளிக் 3 சதவீதம், அதை 4 ஆக்கினால் தெரிய வேண்டும் என்று அதே வரியில் போட்டுப் பார்த்தேன், பக்கத்துக்கு 4,600க்கு மேல் கேட்டது. அதோடு அந்த யோசனையை மூடிவிட்டேன்.

அப்போ சின்ன லிஸ்ட்காரன் சோதிக்கவே கூடாதா என்றால், ஒரு வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். நான் இப்போது 15, 15, 70 எல்லாம் வைப்பதில்லை. முழு லிஸ்டையும் பாதிப் பாதியாகப் பிரித்து, இரண்டு தலைப்பையும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுகிறேன். மீதி என்று யாரும் இல்லை, அதனால் தாமதமும் இல்லை, மூன்று நாள் முழுக்கக் காத்திருந்து எண்ணலாம். ‘வென்றது’ அனுப்ப ஆள் இல்லையே என்றால், அதனால் என்ன, நமக்கு வேண்டியது அடுத்த மெயிலுக்கான பாடம். பிரிப்பதைக் குலுக்கல் முறையில்தான் செய்ய வேண்டும். ஒரு தடவை நான் லிஸ்டின் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று வெட்டிவிட்டேன், மேலே இருந்தவர்கள் எல்லாம் நான்கு வருடப் பழையவர்கள், கீழே எல்லாம் போன சீசனில் வந்தவர்கள். பழையவர்கள் பாதிப்பேர் மெயில் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள், தலைப்பு என்ன செய்யும்? சேவையில் குலுக்கிப் பிரிக்கும் வசதி இல்லாவிட்டால் எக்செலில் ஒரு நிரலில் `=RAND()` போட்டு, அதன்படி வரிசைப்படுத்தி நடுவில் வெட்டினால் போதும். ஒவ்வொரு மெயிலுக்கும் புதிதாகக் குலுக்க வேண்டும்.

முக்கியமான மாற்றம் இதுதான்: ஒரு கேள்வியை மட்டும் எடுத்து ஆறு மெயிலுக்கு அதையே கேட்பது. என் கேள்வி, தலைப்பில் விலைக்கழிவைச் சொல்வதா, அல்லது பொதிக்குள் இருக்கிற தூளைப் பற்றிக் குறிப்பாகச் சொல்வதா. உதாரணமாக ஒரு பக்கம் ‘இந்த வாரம் 10 சதவீதம் கழிவு’, மறுபக்கம் ‘கச்சான் காற்றில் பறித்த ஓகஸ்ட் கொழுந்து, ஊவாவிலிருந்து’. ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும் காலத்துத் தேயிலைக்குத் தனி வாசம் என்பது வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரியும். சொற்கள் மெயிலுக்கு மெயில் மாறும், கேள்வி மாறாது. ஆறு மெயில், பக்கத்துக்கு 205 என்றால் 1,230. அதே வரியில் போட்டால் 5 புள்ளி வித்தியாசம் வரை பிடிபடும். ஒரு சொல்லை, ஒரு காற்புள்ளியைச் சோதிப்பதை விட்டுவிட்டு, இப்படி இரண்டு எதிரெதிரான எண்ணங்களை மோதவிட்டால்தான் 5 புள்ளிக்கு வாய்ப்பாவது உண்டு. ஆறு என்பதை முன்கூட்டியே கொப்பியில் எழுதி வைத்தேன், நடுவில் நிறுத்துவதில்லை என்று அத்தானுக்கு வாக்கும் கொடுத்தேன். ஏனென்றால் அடிக்கடி எட்டிப் பார்த்து, முந்துவது தெரிந்ததும் நிறுத்துகிற பழக்கம் பொல்லாதது. வித்தியாசமே இல்லாத இரண்டைப் பத்து தடவை எட்டிப் பார்த்தால், ஏதோ ஒரு கட்டத்தில் ‘வென்றது’ போலத் தெரிகிற வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 19 ஆகிவிடும்.

மூன்று மாதம் எடுத்தது. மூன்றாவது மெயிலில் கழிவுதான் முந்தியது, கை பரபரத்தது, நிறுத்தாமல் ஓட விட்டேன். ஆறும் முடிந்தபோது கொழுந்தைச் சொன்ன பக்கம் 381 திறப்பு, கழிவைச் சொன்ன பக்கம் 312. 31 சதவீதத்துக்கு 25. இவ்வளவு இடைவெளி சும்மா வருவது ஆயிரத்துக்கு இரண்டு தடவைதான் என்று அத்தான் சொன்னார், ஆனால் உண்மையான வித்தியாசம் 2 புள்ளிக்கும் 9 புள்ளிக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். சரி, இதனால் எனக்கு என்ன கிடைத்தது? ஒரு மெயிலுக்கு அந்த 410 பேரில் 20 பேர் சொச்சம் கூடுதலாகத் திறக்கிறார்கள், அதில் ஒருவர் வாங்கினால் பெரிய விஷயம். கழிவு கொடுக்காமலே திறக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உண்மையான லாபம், அந்த 10 சதவீதம் என் பையிலேயே இருக்கிறது. மேல் திட்டத்தையும் விட்டுவிட்டேன், பாதியாக வெட்டி இரண்டு மெயிலாக அனுப்ப 5,400 தேவையில்லை.

அந்த தீபாவளியில் மிஞ்சிய 38 பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. இந்த வருடம் அவற்றையே நிரப்பி அனுப்பப் போகிறேன். அந்த மெயிலுக்குச் சோதனை கிடையாது, ஒரே தலைப்பு, 620 பேருக்கும் ஒரே நேரத்தில், கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு.